“வீட்டுக்குப் பேப்பர் வருதே, நான் திரும்பவும் கட்டணுமா?”: ஒரு சந்தாக் கடிதம் உருவான விதம்

அண்ணாச்சி எழுதிக் கொடுத்த முதல் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. அவருடைய அப்பா ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை அடித்த காலத்தில் தொடங்கி, தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோதெல்லாம் பேப்பர் நிற்காமல் வெளிவந்ததைச் சொல்லி, காகித விலை ஏறியதைச் சொல்லி, கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தியில்தான் விஷயத்துக்கு வந்தது. அடுத்த மாதம் முதல் இணையதளத்தில் செய்தி படிக்கச் சந்தா உண்டு, வாசகர்கள் ஆதரவு தர வேண்டும் என்று இரண்டே வரி. எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒன்றும் இல்லை.

“நீரு படிச்சுப் பாத்துட்டு, பிழை இருந்தா திருத்தும் வே” என்றார்.

எங்களுடையது பாளையங்கோட்டையிலிருந்து வரும் சிறிய நாளிதழ். அண்ணாச்சிதான் பதிப்பாளர், முதலாளி, எல்லாம். நான் டெஸ்க்கில் செய்தி திருத்துகிறவன். அந்த நான்கு பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதை மெய்ப்புப் பார்க்கும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “ஏன் தம்பி, காகிதம் விலை கூடிட்டுன்னு எழுதியிருக்கு. செல்போன்ல படிக்கதுக்குக் காகிதம் எதுக்கு?”

அந்தக் கேள்வியிலிருந்துதான் வேலை தொடங்கியது. மூன்று வாரத்தில் அந்தக் கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. அதில் இருந்த ஏறக்குறைய எல்லாமும் மாறியது. இதே வேலை இன்னும் பல சிறிய பத்திரிகைகளுக்கு வரப்போகிறது என்பதால், நாங்கள் எங்கே தடுக்கினோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

அக்கா கேட்டது நியாயமான கேள்வி. காகித விலை ஏறியது பொய்யில்லை. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் பத்திரிகைக் காகிதத்துக்கு 10 சதவீதம் சுங்க வரி போட்டார்கள், 2020இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யக் காகிதம் வருவது தடுமாறி விலை எகிறியது. ஆனால் அதெல்லாம் அச்சுப் பிரதியின் செலவு. அதைக் காட்டி இணைய வாசகரிடம் காசு கேட்டால், அவர் தலையில் வேறொருவர் செலவைக் கட்டுவதுபோல் ஆகிவிடும். உண்மைக் காரணம் வேறு. அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் இருக்கிற எங்கள் நிருபர்களின் சம்பளத்தை இத்தனை காலம் கொடுத்து வந்தது அச்சில் வரும் விளம்பரம். ஜவுளிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் பேப்பரில் அரைப்பக்கம் கொடுத்தது, அதைப் படிக்கிறவர்கள் கடைக்கு வருவார்கள் என்பதற்காக. படிக்கிறவர்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். விளம்பரமும் செல்போனுக்குப் போனது, ஆனால் எங்கள் தளத்துக்கு வரவில்லை. தேடுபொறியிலும் சமூக ஊடகத்திலும் போய்ச் சேர்ந்தது.

இதை அண்ணாச்சிக்குப் புரியவைக்க ஒரு கணக்குப் போட்டேன். கணக்குக்காக, ஆயிரம் தடவை ஒரு விளம்பரம் தெரிந்தால் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் மூன்று விளம்பரம். மாதம் 100 செய்தி படிக்கிற தீவிர வாசகர் 300 விளம்பரம் பார்ப்பார். அவரால் வரும் வருமானம் மாதம் 9 ரூபாய். மாதம் இரண்டு செய்தி படித்துவிட்டுப் போகிறவரால் வருவது 18 காசு. ஒரு நிருபர் மாஞ்சோலைக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களிடம் பேசி, மறுநாள் திரும்பி வருவதற்கு ஆகும் செலவை இந்த 18 காசுகளால் ஈடுகட்ட எத்தனை பேர் அதைப் படிக்க வேண்டும் என்று அண்ணாச்சியே பேனாவை எடுத்துக் கணக்குப் பார்த்தார். அதற்கப்புறம் காகிதப் பத்தியை அவரே அடித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நியூயார்க் டைம்ஸ் கடிதத்தை அவரிடம் காட்டினேன். 2011 மார்ச் 17 அன்று, அந்தப் பத்திரிகையின் பதிப்பாளர் ஆர்தர் சுல்ஸ்பெர்கர் ஜூனியர் தம் வாசகர்களுக்கு எழுதியது. இந்த வகைக் கடிதத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதில் பத்திரிகையின் பெருமை கிடையாது. ஏன் சந்தா என்பதற்கு இரண்டு மூன்று வரிதான்: இதை எங்கள் செய்தித் தரத்தில் நீங்கள் போடும் முதலீடாகப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறோம், இது பெரும்பாலும் அதிகமாகப் படிக்கிறவர்களைத்தான் பாதிக்கும் என்கிறார். மீதி முழுக்க நடைமுறை. மாதம் 20 கட்டுரை எல்லாருக்கும் இலவசம். அதைத் தாண்டினால் சந்தா. வீட்டுக்குப் பேப்பர் வாங்குகிறவர்களுக்கு இணையமும் இலவசம். தேடுபொறி, வலைப்பதிவு, ஃபேஸ்புக், ட்விட்டர் வழியாக வருகிறவர்கள் 20 முடிந்திருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கலாம். சில தேடுபொறிகளுக்கு மட்டும் நாளைக்கு இத்தனை என்று வரம்பு. முகப்புப் பக்கமும் பிரிவுகளின் முதல் பக்கங்களும் எப்போதும் திறந்தே இருக்கும்.

விலை மூன்று விதமாக இருந்தது. இணையதளமும் கைபேசிச் செயலியும் நான்கு வாரத்துக்கு 15 டாலர், இணையதளமும் டேப்லெட்டும் 20, எல்லாம் சேர்த்து 35. அதே நாளில் கனடாவில் மட்டும் தொடங்கினார்கள். கோளாறு இருந்தால் அங்கே தெரியட்டும் என்று ஏற்பாடு. அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் மார்ச் 28இல் வந்தது.

அந்தக் கடிதத்தின் பலம், அது யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. படிக்கிற ஒவ்வொருவரும் ‘என்னைப் பற்றி என்ன சொல்கிறது’ என்றுதான் தேடுவார். எப்போதாவது வருகிறவருக்குப் பதில் இருக்கிறது. பேப்பர் வாங்குகிறவருக்குப் பதில் இருக்கிறது. நண்பர் அனுப்பிய இணைப்பில் வருகிறவருக்கும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தம் பங்கைப் பார்த்ததும் ‘எனக்கு ஒன்றும் மாறவில்லை’ என்று நிம்மதியாகிவிடலாம். எங்கள் நான்கு பக்கத்தில் அந்த நிம்மதி ஓர் இடத்திலும் இல்லை.

அண்ணாச்சிக்கு அது பிடித்துப்போயிற்று. “இதையே நம்ம ஊருக்கு மாத்தி எழுதிருவோம்” என்றார். அங்கேதான் இரண்டாவது தடுக்கல். அந்தக் கடிதத்தில் ஒரே வரியாக இருந்த இரண்டு விஷயங்கள் எங்கள் ஊரில் பெரிய சிக்கலாக நின்றன.

முதலாவது, ‘வீட்டுக்குப் பேப்பர் வாங்குகிறவர்களுக்கு இலவசம்’ என்பது. நியூயார்க் டைம்ஸ் அப்படி எழுதலாம். வீட்டுக்குப் பேப்பர் போடுகிற கணக்கு அவர்கள் கையில் இருந்தது, பெயர், முகவரி, கட்டிய தொகை எல்லாம். எங்களுக்கு எங்கள் வாசகர் யாரென்றே தெரியாது. நாங்கள் விற்பது ஏஜெண்டுக்கு. ஏஜெண்டிடமிருந்து பேப்பர் போடும் பையன்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறார்கள். மாதக் கடைசியில் ஏஜெண்ட் காசு வசூலிக்கிறார். வாசகரின் பெயர் அவருடைய நோட்டில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேலப்பாளையம் பக்கம் ஓர் ஏஜெண்டைப் பார்க்கப் போனேன். காலை ஆறரை மணி. கட்டுப் பிரித்து முடித்து, சைக்கிள்கள் எல்லாம் போன பிறகு, கை முழுக்க மையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நோட்டைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். நீளவாக்கில் மடங்கிய பழைய கணக்கு நோட்டு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு வரியிலும் ஒரு வீடு: ‘நீலக் கேட்’, ‘வாத்தியார் மாடி’, ‘நாய் இருக்கிற வீடு’, ‘மிலிட்டரிக்காரர்’, ‘புதுசா குடிவந்தவங்க’. எதிரே பன்னிரண்டு கட்டம், காசு வந்த மாதத்துக்கு ஒரு டிக். பெயர் என்று மூன்றோ நான்கோதான் இருந்தது. “பேரு எதுக்கு சார், வீடு தெரியும்லா” என்றார். அவர் சொன்னது சரிதான். அவர் தொழிலுக்கு வீடு தெரிந்தால் போதும். எங்கள் கடிதத்தின் முக்கியமான வரிதான் அந்த நோட்டில் சிக்கி நின்றது.

அவருக்கு வேறொரு பயமும் இருந்தது, அதை டீ முடிந்த பிறகுதான் சொன்னார். ஆன்லைனில் சந்தா வந்தால் வீட்டுக்காரர் பேப்பரை நிறுத்திவிடுவாரே, தம் கமிஷன் போய்விடுமே என்று. பேப்பர் வாங்குகிறவருக்கு இணையம் இலவசம் என்பது அவருக்கு லாபம்தான், ஏனென்றால் நிறுத்துகிறவர் இணையத்தையும் இழப்பார். ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசகருக்குக் கடிதம் போகுமுன் ஏஜெண்டுகளுக்கு ஒரு கடிதம் போக வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அதைத் தனியாக எழுதி, ஒரு வாரம் முன்னால் கட்டோடு அனுப்பினோம்.

வழி எளிதாகவே கிடைத்தது. மாத ரசீதோடு ஒரு துண்டுச்சீட்டு. அதில் எட்டு எழுத்தில் ஓர் எண். ஏஜெண்ட் காசு வாங்கும்போது அதைக் கொடுப்பார். வாசகர் அந்த எண்ணைத் தளத்தில் தம் கைபேசி எண்ணோடு பதிந்தால் அடுத்த மூன்று மாதம் திறந்திருக்கும். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் தனி எண் வரிசை. எந்தச் சீட்டு பதிவானாலும் அந்த ஏஜெண்டுக்கு ஒரு சிறு தொகை. மூன்று மாதம் என்று வைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு மாதமும் எண் தட்டச் சொன்னால் பெரியவர்கள் விட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் என்றால் பேப்பரை நிறுத்தினவரும் படித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது சிக்கல் வாட்ஸ்அப். டைம்ஸ் கடிதத்தில் சமூக ஊடக வாசல் திறந்திருக்கும் என்றது, அது அவர்களுக்குப் பக்கவாசல் என்பதால். நிறையப் பேர் முகப்புக்கு நேராக வந்தார்கள். எங்களுக்கு வாட்ஸ்அப்தான் தலைவாசல். ஊர்க் குழு, பள்ளியில் கூடப் படித்தவர்கள் குழு, கோயில் கமிட்டிக் குழு, சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நெல்லைக்காரர்களின் குழு என்று அங்கிருந்துதான் பாதிக்கு மேல் வருகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. ‘கணிப்பு’ என்று எழுதுவதற்குக் காரணம், வாட்ஸ்அப்பிலிருந்து தட்டி வருகிறவர் பெரும்பாலும் எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு இல்லாமல் வந்து சேர்கிறார். முகவரியைத் தானே தட்டச்சு செய்தவரும் அவரும் சர்வர் பதிவில் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஆகவே, ‘வாட்ஸ்அப்பில் வந்தால் இலவசம்’ என்று எழுதினால் அதை நிறைவேற்ற வழியில்லை, நிறைவேற்றினாலும் சந்தா கட்டாதவரைத் தடுக்கும் சுவரே இல்லை என்று ஆகிவிடும்.

இலவசச் செய்திகளின் எண்ணிக்கையும் ஆளுக்கு இல்லை, உலாவிக்குத்தான். இலவச அளவு முடிந்தால் வேறொரு உலாவியைத் திறக்கலாம், குக்கீயை அழிக்கலாம். டைம்ஸுக்கும் இது நடந்தது. தொடங்கிய நாட்களிலேயே, முகவரியின் கடைசியில் `?gwh=` என்று தொடங்கும் பகுதியை அழித்தால் தடுப்பு போய்விடும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அதற்காக அவர்கள் அப்போது சுவரை இறுக்கிக் கட்டவில்லை. உடைக்கச் சிரமப்படுகிறவர் எப்படியும் கட்டமாட்டார், கட்டக்கூடியவர் உடைக்கச் சிரமப்பட மாட்டார். எங்கள் கணினித் தம்பி மிகவும் ஆசையோடு இறுக்கமான பூட்டு ஒன்று செய்து வைத்திருந்தான். அதை அவிழ்க்கச் சொன்னது எனக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் பூட்டு இறுகினால் முதலில் வெளியே நிற்பது, துண்டுச்சீட்டு எண்ணைத் தப்பாகத் தட்டிய வீட்டுக்காரர்தான்.

கடைசியில் செய்தது இது. எல்லாருக்கும் மாதம் எட்டுச் செய்தி. சந்தாதாரர் பகிரும் இணைப்புக்குத் தனிக் குறியீடு. அதைத் தட்டுகிறவர் எட்டு முடிந்திருந்தாலும் படிக்கலாம். மாதம் பத்து இணைப்புவரை அப்படிப் பகிரலாம். ஊர்க் குழுவில் செய்தி போடுகிற ஆளுக்கு இது ஒரு மரியாதை. அவர்தான் சந்தா கட்ட முதலில் வரக்கூடியவரும்.

பிடிஎஃப் சங்கதியும் இருந்தது. 2020 ஊரடங்கில் பேப்பர் பையன்கள் வீடுகளுக்குப் போக முடியாதபோது, பத்திரிகைகளின் முழுப் பிரதிகளும் பிடிஎஃப்பாகக் குழுக்களில் சுற்றின. எங்களுடையதும் சுற்றியது, அப்போது நாங்களே சந்தோஷப்பட்டோம். இன்றும் சில குழுக்களில் காலை ஐந்தரைக்கு வந்து விழுகிறது. முதல் வரைவில் அண்ணாச்சி அதைத் ‘திருட்டு’ என்று எழுதியிருந்தார். நான் எடுத்துவிட்டேன். அதை அனுப்புகிறவர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அறுபது பேருக்கு உதவி செய்வதாக மனதார நம்புகிறவர்கள். கடிதத்தில் அவர்களைக் கள்வர் என்றால் அறுபது பேரும் அவர் பக்கம் நிற்பார்கள்.

எதற்குப் பூட்டு என்பதில்தான் அலுவலகத்தில் சத்தம் அதிகம். விளம்பரப் பிரிவு மேலாளர் கணக்கோடு வந்தார். தளத்தில் அதிகம் பார்க்கப்படுவது கண்ணீர் அஞ்சலிப் பக்கமும் அணை நீர்மட்டமும், ஆகவே அவற்றுக்குத்தான் பூட்டு என்றார். கேட்க நியாயமாகத் தோன்றும். இங்கேயும் நியூயார்க்கில் நடந்தது உதவியது. அவர்கள் 2011க்கு முன்பே ஒருமுறை முயன்று கைவிட்டவர்கள். 2005 செப்டம்பரில் ‘டைம்ஸ் செலக்ட்’ என்று தொடங்கி, தம் பிரபல பத்தி எழுத்தாளர்களையும் பழைய செய்திகளின் தொகுப்பையும் பூட்டினார்கள். வருஷத்துக்கு 49.95 டாலர். 2,27,000 பேர் இணையத்துக்கென்றே கட்டினார்கள், வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் வந்தது. அப்படியும் 2007 செப்டம்பரில் நிறுத்தினார்கள், அதற்கும் வாசகருக்கு ஒரு கடிதம் எழுதி. ஊரே பேசக்கூடிய எழுத்தை ஊர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது அந்தப் பூட்டு. தேடுபொறியில் வருகிறவர்கள் வாசலோடு திரும்பினார்கள். 2011இல் அவர்கள் வகையைப் பூட்டவில்லை, அளவைப் பூட்டினார்கள். எதையும் எவரும் படிக்கலாம், நிறையப் படித்தால் கட்டலாம்.

கண்ணீர் அஞ்சலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது விளம்பரம். இறந்தவரின் குடும்பம் ஏற்கெனவே பணம் கொடுத்தது, துபாயில் இருக்கிற பெரியப்பா மகனும் அதைப் பார்க்க வேண்டும் என்றுதான். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு நீர்மட்டமும் மழை அளவும் திறந்தே இருக்க வேண்டும் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். 2023 டிசம்பர் 17, 18இல் இங்கே வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனபோது, வெளியூரில் இருந்த பிள்ளைகள் எங்கள் தளத்தைத்தான் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் தளம் முழுவதும் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று கடிதத்திலேயே எழுதினோம். 2012இல் சாண்டி புயலின்போது நியூயார்க் டைம்ஸும் தடுப்பை விலக்கியது. ‘பேரிடர் என்று ஆட்சியர் அறிவித்தால்’ என்று எழுதலாமா என்று பேசினோம். அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆசிரியர் முடிவு செய்யலாம் என்று விட்டோம்.

விலை மாதம் 49 ரூபாய், வருஷம் 499. அச்சுப் பத்திரிகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, இணையச் சந்தாவுக்கு 18 சதவீதம். ஆகவே 49இல் எங்களுக்கு வருவது நாற்பத்தொன்றரை ரூபாய் சுமார், பணம் செலுத்தும் சேவைக்குப் போக நாற்பதரை. வரியைத் தனியாகப் போட்டு 57.82 என்று காட்ட வேண்டாம், எல்லாம் உட்பட 49 என்றே எழுதினோம். இதற்கு முன் போட்ட கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்: தீவிர வாசகர் 100 பேர் எட்டாவது செய்தியில் தடுக்கப்பட்டு, கட்டாதவர்கள் அதற்குமேல் படிக்காமல் போனால், ஆளுக்கு 8 ரூபாய் 28 காசு விளம்பரம் போகும். நூற்றில் 17 பேர் கட்டினால் அது ஈடாகிவிடும். பதினாறு என்றால் நஷ்டம். இந்தப் பதினேழைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். விளம்பர விலை மாறினால் அதுவும் மாறும்.

தானாகப் பணம் எடுக்கும் முறை பற்றி இரண்டு வரி சேர்த்தோம். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தொடர்ந்து எடுப்பதானால் முதலில் வாசகர் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்னால் தகவல் போக வேண்டும். யுபிஐ ஆட்டோபேயிலும் வாசகரே நிறுத்திக்கொள்ளலாம். எப்படி நிறுத்துவது என்பதைக் கட்டும் வழிக்குப் பக்கத்திலேயே எழுதினோம். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்த வழி தெரியாத வீட்டுக்காரர் முதலில் ஏஜெண்டைத்தான் திட்டுவார்.

கடைசியாக ஒரு சொல். முதல் வரைவில் ‘ஆதரவு’ என்று ஏழு இடத்தில் இருந்தது. ஆதரவு என்று கேட்டால் வாசகர் மனதில் நன்கொடை என்று பதியும், ஒருமுறை கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சந்தா என்றால் பொருள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் போன் போட்டுக் கேட்கலாம். எல்லா இடத்திலும் சந்தா என்று மாற்றினேன். அப்படி மாற்றியதால் போனை எடுக்க ஓர் ஆள் வேண்டியதாயிற்று. காலை ஏழு முதல் பதினொன்றுவரை அக்காவே எடுக்கிறார். ‘என்றென்றும்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். டைம்ஸ் 20 என்று தொடங்கி 2012 ஏப்ரலில் 10 ஆகக் குறைத்தது. நாங்களும் குறைக்கலாம், கூட்டலாம். மாற்றினால் முப்பது நாள் முன்னால் சொல்வோம் என்பது மட்டும் உறுதி.

வெளியான கடிதம் இதுதான்:

“அன்புள்ள வாசகர்களுக்கு,

வரும் 1ஆம் தேதி முதல் நமது இணையதளத்துக்குச் சந்தா வருகிறது. இதனால் யாருக்கு என்ன மாறும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு நமது பேப்பர் வாங்குகிறீர்களா? நீங்கள் எதுவும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். இந்த மாத ரசீதோடு உங்கள் ஏஜெண்ட் தரும் சீட்டில் உள்ள எண்ணைத் தளத்தில் பதியுங்கள். எப்போதாவது வந்து படிக்கிறவரா? மாதம் எட்டுச் செய்தி இலவசம். அதற்குமேல் படிக்க மாதம் 49 ரூபாய் அல்லது வருஷம் 499 ரூபாய், வரி உட்பட. ஒரு சந்தாவை வீட்டில் மூன்று கைபேசிகளில் பயன்படுத்தலாம். எப்போது வேண்டுமானாலும் உங்கள் கணக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். சந்தாதாரர் மாதம் பத்துச் செய்திகளை யாருக்கும் அனுப்பலாம், அவர்கள் கட்டாமலே படிக்கலாம்.

முகப்பு, கண்ணீர் அஞ்சலி, அணை நீர்மட்டம், மழை அளவு எல்லாருக்கும் திறந்திருக்கும். வெள்ளம் போன்ற நாட்களில் தளம் முழுவதும் திறந்திருக்கும்.

ஏன் இந்தச் சந்தா? நமது நிருபர்களின் சம்பளம் அச்சு விளம்பரத்திலிருந்து வந்தது. வாசகர்கள் கைபேசிக்கு மாறினார்கள், அந்த விளம்பர வருமானம் நம்மோடு கைபேசிக்கு வரவில்லை. நிருபர்களைக் குறைக்க நான் விரும்பவில்லை.

இந்த ஏற்பாட்டில் எதையாவது மாற்றினால் முப்பது நாள் முன்னால் சொல்வேன். சந்தேகம் இருந்தால் காலை 7 முதல் 11 வரை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.”

கீழே அண்ணாச்சியின் கையெழுத்து. அப்பாவின் ஈய எழுத்துக் கதையை அவர் விட மனமில்லாமல், ஞாயிறு இதழில் தனிக் கட்டுரையாக எழுதினார். அங்கே அது மிக நன்றாக இருந்தது.

முதல் நாள் அக்கா எடுத்த முதல் போன், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர். கடிதத்தை அச்சுப் பேப்பரில் படித்துவிட்டுக் கேட்டார்: “வீட்டுக்குப் பேப்பர் வருதே, நான் திரும்பவும் கட்டணுமா?” பதில் மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. அக்கா அதைச் சொல்லிக் காட்டாமல், சீட்டு வந்ததா என்று கேட்டார். வரவில்லை. அந்த ஊர் ஏஜெண்டுக்குக் கட்டோடு போன சீட்டுகள் அப்படியே கடைக்குள் இருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார், நோட்டில் பெயர் இல்லையே. வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவிடுங்கள், பெயரை அவர்களே பதிந்துகொள்வார்கள் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினோம். அடுத்த மாதச் சீட்டில் அதையே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம்.